பட்டு மின்ன வேண்டும், நெற்றி மின்னக் கூடாது

அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தேக்காவில் தீபாவளி விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பட்டுப் புடவையில் நாலு படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் உத்தரவு. அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிராங்கூன் ரோட்டில் போய் நின்றோம். அப்போதுதான் ஒரு பாட்டம் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. ரோடெல்லாம் ஈரம், கடைக் கண்ணாடியெல்லாம் பளபளப்பு, அவள் நெற்றியெல்லாம் வேர்வை. அவளுக்கு எரிச்சல். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர்களைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான நாள் அமையாது.

பையில் ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, 35 எம்எம், 85 எம்எம் லென்ஸ்கள், மூன்று ஃபில்டர்கள். முதலாவது சர்க்குலர் போலரைசர். கடைக்காரர்கள் சிபிஎல் என்பார்கள். மற்ற இரண்டும் கருப்பு மிஸ்ட் வகை, அதாவது ஒளியைக் கொஞ்சம் சிதறடித்து மென்மையாக்குபவை. இவற்றை 1/8, 1/4, 1/2 என்று பின்னத்தில் தரம் பிரித்து விற்கிறார்கள். டிஃபன் நிறுவனத்தின் பிளாக் புரோ-மிஸ்ட் வரிசை இந்தப் பின்னங்களைப் பழக்கப்படுத்தியது, இன்று பல நிறுவனங்கள் அதே கணக்கில் தயாரிக்கின்றன. நமக்கு வாய்ப்பாட்டிலேயே பெயர் இருக்கிறது: அரைக்கால், கால், அரை. என்னிடம் இருந்தவை அரைக்காலும் காலும்.

முதலில் போலரைசரை மாட்டினேன். காலடியில் ஒரு குட்டை, அதில் வானம் வெள்ளையாகக் கிடந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினேன். வெள்ளை கரைந்து அடியிலிருந்த தார், ஒரு சாமந்தி இதழ், யாரோ போட்ட பேருந்துச் சீட்டு எல்லாம் மேலே வந்தன. இன்னும் திருப்பினால் மறுபடி வெள்ளை. இந்த வித்தையைக் காட்டியே பல பேருக்குப் போலரைசரை விற்றுவிடுகிறார்கள்.

ஆனால் அதே ரோட்டில் இருபது மீட்டர் தள்ளியிருந்த ஈரம் அசையவே இல்லை. காரணம் கோணம். நீரிலோ கண்ணாடியிலோ பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வு, ஒரு குறிப்பிட்ட சாய்வில் வரும்போது மட்டும் முழுக்க ஒரே திசையில் ஒழுங்குபட்டிருக்கும். நீருக்கு அந்தச் சாய்வு செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை, கண்ணாடிக்குச் சுமார் 56. புரூஸ்டர் கோணம் என்பது இதுதான். ஒரே திசையில் அதிரும் ஒளியைத்தான் போலரைசரால் முழுசாக மறிக்க முடியும். என் கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் இரண்டு மீட்டருக்கு முன்னாலிருக்கும் குட்டைதான் அந்தக் கோணத்தில் வரும். தள்ளிப் போகப் போக ஃபில்டரின் பிடி தளர்ந்துவிடும். தூரத்து ஈரத்தை அடக்க வேண்டுமென்றால் ஃபில்டரைத் திருப்பி மல்லுக்கட்டிப் பயனில்லை. பக்கத்தில் போக வேண்டும், இல்லையென்றால் மாடிப்படியில் ஏற வேண்டும்.

இந்த வித்தையை உலகப் புகழ்பெற்ற ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தியவர் நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பி வரும்போது, கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியாக, இதே கோணத்தில் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் தெறித்த வான ஒளி அணைந்தது, நீலம் அணையவில்லை. கடலின் நீலம் வானத்தின் நிழல் என்று ரேலே பிரபு சொன்னது போதாது, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அவர் கையிலிருந்த பட்டகமும் என் லென்ஸ் முன்னால் இருந்த வட்டமும் செய்வது ஒரே வேலை: மேற்பரப்பில் தெறித்துவரும் ஒளியை விலக்கிவிட்டு, பொருளுக்குள்ளிருந்து வரும் ஒளியைக் காட்டுவது. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால் போலரைசரை எங்கே மாட்டலாம், எங்கே கழற்றலாம் என்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

அடுத்து ஒரு நகைக்கடை வாசல். கண்ணாடிக்குப் பின்னால் ஆரங்கள், கண்ணாடி மேல் எதிர்ச்சாரிக் கடைகளும் நானும். நேருக்கு நேர் நின்று வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் நேர் எதிரே தெறிக்கும் ஒளி ஒழுங்குபடுவதே இல்லை. கண்ணாடிப் பரப்போடு சுமார் 35 பாகை வரும்படி ஓரமாகச் சாய்ந்து நின்றேன். எதிர்ச்சாரி மறைந்தது. ஆரங்கள் மட்டும் அப்படியே மின்னின. உலோகத்தில் தெறிக்கும் ஒளி கண்ணாடியில் தெறிப்பதுபோல ஒழுங்குபடாது, அதனால் தங்கத்தின் மினுக்கைப் போலரைசர் தொடாது. இது குறையாகத் தோன்றலாம், நகைப் படம் எடுப்பவருக்கு வரம். நேராக நின்றுதான் எடுத்தாக வேண்டும் என்றால் ஃபில்டரே வேண்டாம். ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்தால் போதும்.

உலோகம் மட்டும்தானா என்றால் இல்லை. தேக்கா ஈரச்சந்தையில் மீன்கடைப் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். ஐஸும் தண்ணீரும் பூசிய பளபளப்பு ஃபில்டருக்கு அடங்கும், வெள்ளி மீனின் உடல் மினுக்கு அவ்வளவாக அடங்காது. சாளை, ஹெர்ரிங் போன்ற மீன்களின் தோலில் இரண்டு வகைப் படிக அடுக்குகள் கலந்திருப்பதால் தெறிக்கும் ஒளி ஒழுங்குபடுவதில்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் கண்டு சொன்னார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மீன் ஒரே அளவு மின்னி, கடல் வெளிச்சத்தில் கலந்து தப்பிக்க அது உதவுகிறதாம். மீன்கடையில் நின்று இதையெல்லாம் அண்ணன் மகளிடம் விளக்கியபோது, பட்டுப் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி, “சித்தப்பா, கல்யாணப் பொண்ணை மீன் வாடையோட அனுப்பப் போறீங்களா?” என்று கேட்டாள். வெளியே வந்துவிட்டோம்.

இனி முகம். மேகம் மூடிய வானம், ஒரு பழைய கடைவீட்டின் ஐந்தடிப் பாதை ஓரம், 85 எம்எம். எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கருப்பு, அவளும் அப்படியே. நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு மூன்றிலும் வேர்வையும் மேக்கப்பும் சேர்ந்து மினுங்கின. போலரைசரை முழுக்கத் திருப்பி நெற்றி மினுக்கை அடக்கி ஒரு படம் எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவள் முகம் சுண்டியது. “பேய் அறைஞ்ச மாதிரி இருக்கேன்.”

அவள் சொன்னது சரி. தோலில் இருந்து இரண்டு ஒளி வருகிறது. ஒன்று மேலே உள்ள எண்ணெய், வேர்வைப் படலத்தில் தெறித்து வருவது. அது விளக்கின் நிறத்திலேயே, அநேகமாக வெள்ளையாக இருக்கும். இன்னொன்று தோலுக்குள் புகுந்து, நிறமியிலும் ரத்தத்திலும் பட்டு, நிறம் வாங்கிக்கொண்டு வெளியே வருவது. போலரைசர் முதலாவதை விலக்கினால் இரண்டாவது மட்டும் மிஞ்சும். நிறம் செறிவாகும். கூடவே பழைய பருத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்துக்கும் முகத்துக்கும் ஒத்துப்போகாத ஃபவுண்டேஷன் எல்லாம் துல்லியமாக மேலே வரும். தோல் மருத்துவர்கள் நிறமாற்றத்தைப் பார்க்கக் குறுக்குப் போலரைசர் வைத்த விளக்கையும் லென்ஸையும் பயன்படுத்துவது இதனால்தான். மருத்துவருக்கு உதவுவது மணப்பெண்ணுக்கு உதவாது.

கருத்த முகத்துக்கு இதில் கூடுதல் நஷ்டம் ஒன்று உண்டு. வெளுத்த முகத்தில் மேடு பள்ளத்தை நிழல்கள் காட்டும். கருத்த முகத்தில் நிழல் சட்டென்று இருட்டோடு கலந்துவிடும், மேட்டைக் காட்டுவது பெரும்பாலும் அந்த மினுக்குதான். கன்னமேட்டில் ஓடும் வெளிச்சக் கோட்டை அழித்தால் முகம் தட்டையாகிவிடும். நம்மவர்களைப் படமெடுக்கும்போது பளபளப்பைப் பகையாக நினைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, எனக்கு அது பிடிக்காது. பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுத்து நடப்பவரின் முதுகு வேர்வையைப் போலரைசரால் துடைத்துவிட முடியும். துடைத்தால் அவர் நடந்ததே படத்தில் இருக்காது. காவடியின் எஃகு மட்டும் பளபளவென்று நிற்கும்.

அதற்காக ஒரேயடியாகக் கழற்றவும் வேண்டாம். வளையத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்பியபோது ஒன்றைக் கவனித்தேன். நெற்றி மினுக்கு அடங்குகிற இடத்தில் கன்னத்தின் ஓர மினுக்கு அடங்கவில்லை. இன்னும் கால் சுற்றுத் திருப்பினால் கன்னம் அடங்கியது, நெற்றி திரும்ப மின்னியது. மேலிருந்து வரும் ஒளி நெற்றியில் பட்டுக் கிடைத்திசையில் அதிரும், பக்கத்திலிருந்து வரும் ஒளி கன்னத்தில் பட்டுச் செங்குத்துத் திசையில் அதிரும். முகம் உருண்டை என்பதால் ஒரே திருப்பில் மொத்த முகமும் அடங்காது. இந்தக் குறையையே பிடித்துக்கொண்டேன். நெற்றி பாதி அடங்கி, கன்னக் கோடு உயிரோடு இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். முழுத் திருப்புக்கும் வெற்று நிலைக்கும் நடுவில் ஏறக்குறைய 45 பாகை. மூன்றாவது படத்தில் அவள் முகம் அவள் முகமாக இருந்தது. அதற்குமுன் எண்ணெய் ஒற்றும் காகிதத்தால் மூக்கை ஒற்றச் சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முகத்துக்கு முதல் ஃபில்டர் அந்தக் காகிதம்தான்.

புடவையும் ஒரு பாடம் சொன்னது. அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு, அகலமான சரிகை பார்டர். போலரைசரை முழுக்கத் திருப்பியபோது சரிகை மின்னியது, ஏனென்றால் அது உலோக இழை. பட்டு மட்டும் செத்துப்போய் நூல் புடவை மாதிரி ஆகிவிட்டது. பட்டின் பளபளப்பு இழையின் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி, அதனால் ஃபில்டருக்கு அடங்குகிறது. அரக்கு நிறம் என்னமோ ஆழமாக வந்தது, ஆனால் அவ்வளவு விலை கொடுத்துப் பட்டு வாங்கியது கைத்தறிப் பருத்தி மாதிரி தெரிவதற்கா? இங்கேயும் பாதித் திருப்புதான் சரிப்பட்டது. கல்யாண மண்டபத்தில் எடுப்பவர்களுக்கு என் யோசனை: போலரைசரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அவளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை மட்டும் முழுத் திருப்பில் எடுத்தேன். மழையில் நனைந்த எனாமல் வண்ணச் சிலைகள் மேல் படிந்திருந்த வெண்மை போய், பச்சையும் சிவப்பும் சாயம் பூசிய அன்று இருந்த மாதிரி நின்றன. வண்ணப்பூச்சு, ஈர இலை, ஓடு, சாயமடித்த கதவு, இவைதான் போலரைசருக்குச் சொந்த ஊர். வானத்தை நீலமாக்கும் என்று இதை வாங்குபவர்களுக்கு சிங்கப்பூர் ஏமாற்றம் தரும். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் வானத்தில்தான் ஃபில்டர் நன்றாக வேலை செய்யும். இங்கே பகல் ஒரு மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். அப்போது 90 பாகை என்பது அடிவானம். அங்கே இருப்பது புழுக்கமும் மேகமும் அடுக்குமாடிகளும். காலையிலும் மாலையிலும் பரவாயில்லை, ஆனால் அகல லென்ஸ் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிர்நீலமுமாகத் திட்டு விழும்.

ஆறரை மணி. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. போலரைசர் இல்லாமல் 1/125 நொடி, எஃப் 2, ஐஎஸ்ஓ 1600 என்று கணக்குச் சொன்ன கேமரா, அதை மாட்டினால் ஐஎஸ்ஓ 4500 கேட்டது. சுமார் ஒன்றரை ஸ்டாப் நஷ்டம். நல்ல போலரைசர் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை தின்னும், அதற்கு மருந்து இல்லை. இருட்டிய பிறகு அதைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈர ரோட்டில் நீண்டு கிடக்கும் விளக்கு நிழல்கள்தான் அந்த நேரத்துப் படம். அதை அழித்துவிட்டு எதை எடுப்பது? வெளிச்சம் போதுமானதாக இருந்தால் மாறாகவும் செய்யலாம். வளையத்தை இன்னும் கால் சுற்றுத் திருப்பினால் தெறிப்பு தங்கி மற்றது மங்கும், ஈரம் இன்னும் பளபளக்கும்.

விளக்குகள் எரியத் தொடங்கின. வளைவு வளைவாகச் சிராங்கூன் ரோட்டின் மேல் மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக எல்இடி. இப்போது மிஸ்ட் ஃபில்டரின் முறை.

இதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்துகள்கள் இருக்கின்றன. வரும் ஒளியில் பெரும்பகுதி அவற்றைத் தொடாமல் நேரே போய்விடும், ஒரு சிறு பங்கு மட்டும் துகளில் பட்டுச் சற்றே விலகும். ஆகவே சென்சாரில் விழுவது கூர்மையான ஒரு படமும், அதன் மேல் கலங்கிய இன்னொரு படம் மெல்லிசாகவும். சாதாரண இடத்தில் கலங்கிய படம் தெரியாது. விளக்கு மாதிரி மிகப் பிரகாசமான இடத்தில் மட்டும் அந்தச் சிறு பங்கே பெரிசாகி, சுற்றிலும் ஒளிவட்டமாக விழும். கருப்பு மிஸ்டில் கருந்துகள்களும் சேர்ந்திருப்பதால் நிழல் பகுதி வெள்ளை மிஸ்டில் போல அவ்வளவு வெளுக்காது.

வெள்ளையாக எரிந்துபோன விளக்கை இது மீட்டுத் தரும் என்று சிலர் நினைக்கிறார்கள். மீட்காது. ஆனால் வேறொரு நன்மை உண்டு. வெறும் லென்ஸில் எடுத்தபோது ஊதா எல்இடி நடுவில் வெள்ளைப் புள்ளியாகப் போய்விட்டது, மூன்று நிறமும் சென்சாரில் முட்டி நிரம்பிவிட்டதால். மிஸ்ட் போட்டபோதும் நடு வெள்ளைதான், ஆனால் அதைச் சுற்றிய வட்டம் அவ்வளவு பிரகாசம் இல்லாததால் ஊதாவாகவே இருந்தது. விளக்கின் நிறம் படத்துக்குள் வந்தது. இதைப் பிறகு கணினியில் செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். பாதி செய்யலாம். நிரம்பி வழிந்த இடத்தில் விளக்கு வெள்ளையைவிட இரண்டு மடங்கு பிரகாசமா ஐம்பது மடங்கா என்பது கோப்பில் பதிவாகாது, மென்பொருள் ஊகித்துத்தான் வட்டம் போடும். சட்டை, பல், புடவை பார்டர் என்று வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒளிர ஆரம்பிக்கும். ஃபில்டருக்கு அந்தக் குழப்பம் கிடையாது. போலரைசர் செய்வதையோ கணினியில் செய்யவே முடியாது. அதிர்வின் திசை எந்தக் கோப்பிலும் இல்லை.

35 எம்எம்மில் கால் மிஸ்ட் அழகாக இருந்தது. அதே ஃபில்டரை 85க்கு மாற்றியதும் நிலைமை கெட்டது. துகள் ஒளியை விலக்கும் கோணம் எந்த லென்ஸுக்கும் ஒன்றுதான், ஆனால் நீளமான லென்ஸ் அந்தக் கோணத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 85ஐ 35ஆல் வகுத்தால் 2.4. வட்டமும் அத்தனை மடங்கு வீங்கியது. பின்னாலிருந்த ஒளிப்பலகையில் தமிழ் எழுத்துகளின் சுழிகள் நிரம்பி, மூன்று சுழி எது இரண்டு சுழி எது என்று தெரியாமல் போயிற்று. அதனால் ஒரே ஃபில்டர் எல்லா லென்ஸுக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். 35க்குக் கால் என்றால் 85க்கு அரைக்கால்.

பெரிய சிக்கல் முகத்தில்தான் வந்தது. அவளை நடைபாதையில் நிற்க வைத்து, தலைக்குப் பின்னால் விளக்கு வளைவு நேராக வரும்படி 85இல் கால் மிஸ்ட் போட்டு எடுத்தேன். சின்னத் திரையில் சினிமா மாதிரி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் விபூதியைக் கரைத்துப் பூசியது போல ஒரு சாம்பல். பின்னாலிருந்து சிதறிய வெளிச்சம் படம் முழுக்க மெல்லிய திரையாகப் படிந்திருந்தது. சிவந்த முகமென்றால் அந்தத் திரை அவ்வளவாகத் தெரியாது, ஏற்கெனவே பிரகாசமான இடத்தில் கொஞ்சம் சேர்ந்தால் கணக்கில்லை. கருத்த தோலில் அதே அளவு வெள்ளை சேரும்போது பங்கு பெரிசு. நிறம் கழுவிப்போகும். கூந்தலில் வைத்த கனகாம்பரத்துக்கும் முடிக்கும் இருந்த வேறுபாடும் போனது. மென்மையான தோல் வேண்டும் என்று மிஸ்ட் போடுபவர்கள் நம் ஊர் முகங்களில் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது இந்தச் சாம்பலைத்தான். இது நடக்கிறதா என்று பார்க்க ஹிஸ்டோகிராம் போதும். இரவுப் படத்தில் இடது ஓரத்தைத் தொட வேண்டிய மலை, ஓரத்தைவிட்டு விலகி நின்றால் திரை விழுந்திருக்கிறது.

திருத்தம் எளிது. ஃபில்டரை அரைக்காலுக்கு மாற்றினேன். அவளை நாலு அடி நகர்த்தி, விளக்கு வளைவு தலைக்குப் பின்னாலிருந்து தோளுக்குப் பக்கமாக வரும்படி வைத்தேன். ஒரு கடையின் உள்வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. லென்ஸ் ஹூட்டை மறக்காமல் போட்டேன், ஏனென்றால் சட்டகத்துக்கு வெளியே இருக்கும் தெருவிளக்கும் மிஸ்டில் பட்டால் திரை விரிக்கும். பிறகு கணினியில் கருப்பைக் கொஞ்சம் இறக்கினேன். அந்தப் படத்தில் மூக்குத்தியில் சின்னதாக ஒரு வட்டம், கன்னத்தில் கோடு, கண்கள் கூர்மை. துளைகள் இருக்கின்றன, இருக்கட்டும்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. எம்ஆர்டி நிலையத்துக்குள் போய்க் குளிரில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு மேலே வந்து கால் மிஸ்டில் எடுத்த முதல் ஆறு படங்கள் அபாரமான மென்மை. இதுதான் இந்த ஃபில்டரின் உண்மையான குணம் போலிருக்கிறது என்று குறிப்புகூட எழுதிக்கொண்டேன். ஏழாவது படத்தில் மென்மை குறைந்தது, பத்தாவதில் காணோம். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து கலைந்திருக்கிறது. குறிப்பை அடித்தேன். இந்த ஊரில் குளிர்சாதனத்திலிருந்து வெளியே வந்ததும் ஃபில்டரைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பையை மூடியபடியே ஒரு கால் மணி நேரம் விடுங்கள். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் படிந்த ஈரத்தை முன்பக்கம் துடைத்தும் போக்க முடியாது. இரவில் கேமராவோடு ஃபில்டர்களையும் டிரை கேபினட்டில் வையுங்கள். போலரைசர் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒட்டிய படலம், ஓரத்தில் ஈரம் ஏறினால் அங்கிருந்து பிரியத் தொடங்கும்.

மிஸ்டைக் கழற்றி வைக்க வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் எஃப் 11, 16 என்று சுருக்கி அகல லென்ஸில் எடுக்கும்போது துகள்களே புள்ளி புள்ளியாகப் படத்தில் தெரியும். பின்னணி விளக்குகள் பெரிய உருண்டைகளாகும்போதும் உருண்டைக்குள் அம்மைத் தழும்பு மாதிரி விழும். புகைமூட்டம் வந்த நாளில் வானமே மிஸ்ட் போட்டிருக்கிறது, மேலும் எதற்கு? குழுப் படம், கல்வெட்டு, பெயர்ப்பலகை, உணவகத்தில் சாப்பாடு, இவற்றுக்கும் வேண்டாம்.  போலரைசரைப் பேருந்து, டாக்சி கண்ணாடி வழியாக எடுக்கும்போது மாட்டாதீர்கள். பதப்படுத்திய கண்ணாடியின் உள்ளழுத்தம் வானவில் திட்டுகளாக மேலே வந்து நிற்கும்.

என் தீர்ப்பு இது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போலரைசர். உங்களிடம் உள்ள லென்ஸ்களிலேயே மிகப் பெரிய வாய்க்கு வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வெள்ளியைக் கொட்ட வேண்டாம். பித்தளை வளையம் அலுமினியத்தைவிடச் சிக்கிக்கொள்வது குறைவு. நான் முதலில் மலிவாக வாங்கிய ஒன்று லென்ஸில் இறுகிப்போய், ரப்பர் பேண்டு சுற்றி அரை மணி நேரம் போராடித்தான் வந்தது. இரண்டாவதாக வாங்கினால் அரைக்கால் மிஸ்ட். கால் மிஸ்ட் அகல லென்ஸில் இரவுத் தெரு எடுப்பவர்களுக்கு மட்டும். முகம் எடுப்பவர்கள், அதுவும் நம் நிறத்து முகம் எடுப்பவர்கள், காலையும் அரையையும் தொட வேண்டாம்.

போலரைசர் வாங்கும்போது கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடுங்கள். முன்பக்கத்தை மடிக்கணினியின் எல்சிடி திரையை நோக்கிப் பிடித்துத் திருப்புங்கள், ஒரு கோணத்தில் திரை ஏறக்குறையக் கருப்பாக வேண்டும். ஊதாவாகவோ மங்கலாகவோ நின்றால் வேண்டாம். பிறகு திருகுப் பக்கம் நிலைக்கண்ணாடியைப் பார்க்கும்படி பிடித்து, ஃபில்டர் வழியாக அதன் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பம் கருப்பாகத் தெரிந்தால் அது சர்க்குலர். ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் மஞ்சளோ பச்சையோ அடிக்கக் கூடாது. மாட்டிய பிறகு வளையத்தை எப்போதும் இறுக்கும் திசையிலேயே திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் மரை கழன்று, சிராங்கூன் ரோட்டுச் சாக்கடைக் கம்பிகளுக்குள் போய்விடும்.